ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர் எத்தனையாவது?

(தேக்கா கோப்பிக்கடை. இரண்டு தே தாரிக். கேப்டன் ராஜா நாளைய 20 ஓவர் ஆட்டத்துக்கு பேட்டிங் வரிசை எழுதுகிறார். வேலு எட்டிப் பார்க்கிறான்.)

வேலு: அண்ணே, ஜெர்சி வாங்கிக் கொடுத்தால் ஓப்பனிங்கா? முதலாளி பெயர் முதலில் இருக்கிறதே!

ராஜா: ஜெர்சிக்காக இல்லை தம்பி. ஸ்பின் வந்தால் பந்தைவிட அவர்தான் அதிகம் சுழல்வார். வேகப்பந்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தூக்குவார். முதல் 6 ஓவரில் வட்டத்துக்கு வெளியே 2 பேர்தான் நிற்கலாம். மட்டை ஓரத்தில் பட்டதுகூட தலைக்கு மேலே போய் ஃபோர் ஆகிவிடும். அவரைக் கடைசியில் இறக்கினால் எல்லைக்கோட்டில் 5 பேர் காத்திருப்பார்கள். அத்தனையும் கேட்ச்.

வேலு: சீக்கிரம் அவுட்டானால்?

ராஜா: 10 பந்தில் 15 எடுத்துவிட்டுப் போகட்டும், லாபம்தான்.

வேலு: சரி, நான் மூன்றாவதா, நாலாவதா?

ராஜா: உனக்கு நம்பரே இல்லை.

வேலு: தூக்கிவிட்டீர்களா!

ராஜா: அட, ஓவரைப் பார்த்து இறக்குவேன் என்கிறேன். நீ செட் ஆகவே 10 பந்து எடுத்துக்கொள்வாய். ஆனால் ஸ்பின்னைத் தட்டித் தட்டி ஒன்று, இரண்டு ஓடுவாய். 10 ஓவருக்குள் விக்கெட் விழுந்தால் நீ போ. 14 தாண்டி விழுந்தால் குமார். மிச்சம் 36 பந்துதான். அதில் 10 பந்தை உனக்குத் தானம் பண்ண முடியுமா?

வேலு: நடுவில் விழுந்தால்?

ராஜா: அவர்களுடைய ஸ்பின்னருக்கு ஓவர் மிச்சமிருந்தால் நீ. இல்லையென்றால் குமார்.

வேலு: வரிசையை இப்படியா மாற்றுவார்கள்? சிரிப்பார்கள் அண்ணே.

ராஜா: 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் யுவராஜுக்கு முன்னால் தோனி இறங்கினாரே, யார் சிரித்தார்கள்? அங்கே ஆஃப் ஸ்பின் ஓடிக்கொண்டிருந்தது. கம்பீர் இடக்கை, யுவராஜும் இடக்கை. தோனி வலக்கை, முரளிதரனைச் சென்னை அணியில் கூடவே இருந்து பார்த்தவர். 91 நாட் அவுட்.

வேலு: மழை வந்தால்?

ராஜா: நாம் சேஸ் பண்ணினால் கணக்கே வேறு. டக்வொர்த் லூயிஸில் ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் அந்த நேரத்தில் நாம் எடுத்திருக்க வேண்டிய ரன் ஏறிவிடும். வானம் கறுத்தால் 15ஆவது ஓவரானாலும் நீதான் போகவேண்டும். தூக்கி அடிக்காதே.

வேலு: அப்படியென்றால் முதல் பந்திலிருந்தே பேட் கட்டிக்கொண்டு வெந்துகொண்டிருக்க வேண்டும்!

ராஜா: குமாரும் பக்கத்தில் வேவான். பேச்சுத் துணைக்கு ஆச்சு.

வேலு: எல்லாம் சரி. முதலாளி 6 ஓவர் தாண்டியும் அவுட்டாகாமல் நின்றுவிட்டால்? ஸ்பின்னர் வந்து, ரன்னே வராதே!

ராஜா: எதிர்முனையில் நான்தானே நிற்பேன்.

வேலு: நின்று?

ராஜா: 'வாங்க முதலாளி, ஒரு ரன் ஓடலாம்' என்று கூப்பிடுவேன். அவர் பாதி தூரம் வந்ததும் 'வேண்டாம்' என்பேன்.