இலவசம்தானே, வந்தால் என்ன நட்டமாம்?

நேற்றைய கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். உங்கள் இலவசக் கருத்தரங்குக்கு வராத ஒரு உயர்தரப் பிள்ளையை, "ஒரு சதமும் கேட்கவில்லையே, வந்திருந்தால் என்ன நட்டம்?" என்று மேடையில் மைக்கைப் பிடித்து அத்தனை பேர் முன்னால் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. நட்டம் இருக்கிறது ஐயா. நீங்கள் காசு வாங்காததால் அவளுக்குச் செலவில்லை என்று ஆகிவிடாது.

பிள்ளை இருப்பது வெள்ளவத்தையில். கருத்தரங்கு கொட்டாஞ்சேனையில், ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரை வரை. அந்த நேரத்தில் காலி வீதியில் பஸ் எப்படி நகரும் என்று உங்களுக்கே தெரியும், போக வர இரண்டு மணித்தியாலம் என்றே வையுங்கள். மொத்தம் நாலு. அந்த நாலு மணித்தியாலத்தில் அவள் ஒரு கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்துச் செய்து, தானே திருத்தியும் பார்க்கலாம். இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து 1500 ரூபா வாங்கலாம். அதுவும் இல்லையென்றால் நன்றாகத் தூங்கலாம்.

இந்த மூன்றையும் கூட்டி "பார், எவ்வளவு நட்டம்" என்று நான் சொல்லப்போவதில்லை. ஒன்றுக்காக இன்னொன்றைக் கைவிடுவதன் விலையை, அதாவது அமையச் செலவைக் கேட்கும் கேள்வியில் என் மாணவர்கள் சறுக்குவதும் இங்கேதான். ஒரே நேரத்தில் மூன்றையும் செய்ய முடியாதே. அவளுக்கு எது ஆகச் சிறந்ததோ, அந்த ஒன்றுதான் கணக்கு. அவளுக்கு அது வினாத்தாள். அதோடு பஸ் காசு. வழமையான வகுப்புகளுக்கு ஏற்கெனவே கட்டிய மாதக் கட்டணம் இதில் சேராது, வந்தாலும் வராவிட்டாலும் அது போன காசு.

"வீட்டில் இருந்தால் போனைத்தானே நோண்டியிருப்பாள்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படி நோண்டுகிற பிள்ளைக்கு உங்கள் கருத்தரங்கு உண்மையிலேயே மலிவு, தாராளமாக வரட்டும். ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் கொடுக்கும் விலை ஒன்றல்ல. ஆனால் இவள் என்ன செய்திருப்பாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வினாத்தாள் செய்தேன் என்று அவள்தான் சொன்னாளே, கேட்டீர்களா? "எங்கள் காலத்தில் குப்பி விளக்கில்..." என்று தொடங்குகிறவர்களுக்குப் பதில் சொல்லும் நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, மன்னிக்கவும்.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், இதே வசனம் எனக்கும் வந்திருக்கிறது. "சேர், உங்களுக்கு ஒரு மணித்தியாலம்தானே, சும்மா வந்து கதைச்சிட்டுப் போங்கோ." போனேன். காசு வரும் வகுப்பு ஒன்றை நிறுத்திவிட்டுப் போனேன், மண்டப வாடகையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. பிரதம விருந்தினர் வரும்வரை மைக்கைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். முடிவில் ஒரு பொன்னாடை, ஆறிப்போன தேநீர். நன்றியுரையில் என் பெயரும் பிழை. அப்புறம் வெளியில் போய், சேர் இப்பவெல்லாம் காசுக்குத்தான் வாய் திறப்பார் என்று கதை!

பெரியவனான எனக்கே "இல்லை" என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவள் சொன்னாள். அதுதான் உங்களுக்குச் சுட்டிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்ட அதே மேடையில், அதே மைக்கில், அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த கருத்தரங்குக்கு என் பெயரைப் போட்டு நோட்டீஸ் அடிக்கவும் வேண்டாம், அன்று பின்னேரம் நான் தூங்கப்போகிறேன்.