ஏழாம் மாதம் என்றால் ஜூலையும் அன்று, ஐப்பசியும் அன்று

சிங்கப்பூரில் ஆகஸ்ட் நெருங்கும்போது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி புளோக்குகளின் மின்தூக்கி அருகே ஓர் அறிவிப்பு ஒட்டப்படும். சீனர்களின் ஏழாம் மாத வழிபாட்டுக்காக எரிக்கும் தாள்களை அதற்கென வைத்திருக்கும் இரும்புத் தொட்டிகளில் மட்டுமே எரிக்க வேண்டும் என்றும், இன்னின்ன இரவுகளில் கீழே கூடாரம் அமைத்து விருந்தும் கெத்தாய் மேடை நிகழ்ச்சியும் நடைபெறும் என்றும், அதற்காக வாகன நிறுத்துமிடத்தின் ஒரு பகுதி மூடப்படும் என்றும் அதில் இருக்கும். இத்தகைய அறிவிப்புகளைத் தமிழாக்கம் செய்பவன் என்ற முறையில், அவற்றில் மிகக் கடினமான பகுதி தேதிதான் என்பேன்.

2025ஆம் ஆண்டில் எனக்கு வந்த ஆங்கில மூலத்தில், சந்திர நாள்காட்டியின் ஏழாம் மாதம் 15, 16ஆம் நாள்கள், சனி, ஞாயிறு என்று மட்டும் இருந்தது. அதை அப்படியே தமிழில் எழுதினால் படிப்பவர்களில் பாதிப் பேர் ஜூலை 15 என்றே எடுத்துக்கொள்வார்கள். சித்திரையிலிருந்து மாதம் எண்ணும் பழக்கமுள்ள பெரியவர் எவரேனும் ஐப்பசிக்குப் போனாலும் வியப்பில்லை. வண்டியை எந்த இரவில் வேறிடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே அந்த அறிவிப்பைப் படிக்கிறார்கள். ஆகவே சாதாரணத் தேதியைத் தருவது மொழிபெயர்ப்பாளரின் கடமை என்று முடிவுசெய்து, நானே கணக்குப் போட உட்கார்ந்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

அவ்வாண்டு சீனப் புத்தாண்டு ஜனவரி 29. அதுவே முதல் மாதத்தின் முதல் நாள். அங்கிருந்து அமாவாசைகளை எண்ணிக்கொண்டு வந்தால் பிப்ரவரி 28, மார்ச் 29, ஏப்ரல் 28, மே 27, ஜூன் 25 ஆகிய நாள்களில் அடுத்தடுத்த மாதங்கள் பிறக்கின்றன. ஏழாவதாக வருவது ஜூலை 25. எனவே 15, 16ஆம் நாள்கள் ஆகஸ்ட் 8, 9 என்று எழுதினேன். கிழமையைப் பொருத்திப் பார்த்தபோதுதான் உறுத்தியது. மூலத்தில் சனி, ஞாயிறு என்றிருக்க, என் கணக்கில் வெள்ளி, சனி வந்தது. அதோடு, ஆகஸ்ட் 9 சிங்கப்பூரின் தேசிய நாள். அன்றிரவு புளோக்கின் கீழே கெத்தாய் வைக்க யாருக்கு மனம் வரும்?

பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரின் வரவேற்பறையில், நம் வீடுகளில் தொங்குவதைப் போன்றே, நாளுக்கொரு தாள் கிழிக்கும் காலண்டர் உண்டு. ஆங்கிலத் தேதி பெரிதாகவும் சீனத் தேதி கீழே சிறிதாகவும் அச்சிட்டிருப்பார்கள். அவர் தாள்களைப் புரட்டி, ஜூலை 25ஆம் தேதியில் விரலை வைத்து, “தம்பி, இதுவும் ஆறாம் மாதம்தான். இந்த வருஷம் ஆறு இரண்டு தடவை வருது,” என்றார். உண்மையான ஏழாம் மாதம் ஆகஸ்ட் 23ஆம் தேதிதான் பிறந்தது. 15, 16ஆம் நாள்கள் செப்டம்பர் 6, 7, சனி, ஞாயிறு. நான் எழுதியது முழுதாக ஒரு மாதம் முந்திய தேதி.

பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள்கள். சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. இந்தக் குறையை ஈடுசெய்ய இடையிடையே ஒரு மாதம் கூட்டப்படுகிறது. எந்த மாதத்தைக் கூட்டுவது என்பதற்கும் விதி உண்டு. நம் சங்கராந்திகளைப் போலச் சீனர்களும் சூரியனின் பாதையில் பன்னிரண்டு முக்கியப் புள்ளிகளைக் குறித்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றுகூட விழாத சந்திர மாதமே அதிக மாதமாகி, முந்திய மாதத்தின் எண்ணையே பெறுகிறது. 2025இல் ஒரு புள்ளி ஜூலை 22ஆம் தேதியும் அடுத்தது ஆகஸ்ட் 23ஆம் தேதியும் விழுந்தன. இடைப்பட்ட ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 22 வரையிலான மாதம் வெறுமையாக நின்றதால் இரண்டாம் ஆறாம் மாதமானது. தெலுங்கர்களுக்கும் கன்னடர்களுக்கும் அதிக மாதம் பழக்கமானது; சூரிய மாதம் எண்ணும் நமக்கு அந்தப் பழக்கமே இல்லை. அவர்களுடைய பஞ்சாங்கத்தைப் பார்த்தும் தப்பிக்க முடியாது. 2026இல் அவர்களுக்கு அதிக மாதம் உண்டு. சீனர்களுக்கு 2025க்குப் பிறகு 2028இல்தான்.

“15ஆம் நாள் என்றால் பௌர்ணமிதானே, நம் காலண்டரைப் பார்த்துப் போட்டுவிடலாமே,” என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதுவும் சரிவராது. சீனக் கணக்கில் அமாவாசைக் கணம் எந்த நாளுக்குள் விழுகிறதோ அந்த நாளே முதல் நாள். பௌர்ணமிக் கணம் அதன்பின் 15, 16, 17 ஆகிய நாள்களில் எதிலும் விழலாம். அதே 2025இல் சிங்கப்பூரில் முழுச் சந்திர கிரகணம் செப்டம்பர் 8 அதிகாலையில் நிகழ்ந்தது. கிரகணம் பௌர்ணமியில்தான் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது சீனர்களுக்கு ஏழாம் மாதம் 17ஆம் நாள். 15ஆம் நாள் வழிபாடு இரண்டு நாள்களுக்கு முன்பே முடிந்திருந்தது.

அமாவாசையிலும் இதே சிக்கல் உண்டு. 2026இல் நம் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12. அமாவாசைக் கணம் இந்திய நேரப்படி அன்றிரவு 11.07 மணி. சீன நாள்காட்டி பின்பற்றும் பெய்ஜிங் நேரத்தில் அது நள்ளிரவைத் தாண்டி 1.37 ஆகிவிடுவதால், ஏழாம் மாதம் ஆகஸ்ட் 13, வியாழக்கிழமைதான் பிறக்கிறது. 15ஆம் நாள் ஆகஸ்ட் 27. ஆகையால் எண்ணாதீர்கள், நம் காலண்டரையும் பார்க்காதீர்கள். அந்த ஆண்டுக்கென அச்சிட்ட சீனக் காலண்டரையோ நம்பகமான மாற்று அட்டவணையையோ பாருங்கள் என்றே இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்களிடம் சொல்கிறேன். வந்த தேதி எந்தக் கிழமையில் விழுகிறது என்று பார்த்து மூலத்தோடு ஒப்பிட்டால், பெரும்பாலான பிழைகள் அங்கேயே அகப்பட்டுவிடும்.

சந்திரத் தேதியை அடியோடு நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாதாரணத் தேதியையும் கிழமையையும் முதலில் எழுதி, “சீன நாள்காட்டியின் ஏழாம் மாதம் 15ஆம் நாள்” என்பதை அடைப்புக்குறிக்குள் வைப்பதே என் வழக்கம். அது இருந்தால்தான் சீன அறிவிப்போடு ஒப்பிட்டு யாராவது என் தவறைக் கண்டுபிடிக்க முடியும்.

தேதி சரியாக இருந்தும் அறிவிப்பு தவறாகிவிடுவது உண்டு. முதல் மாதம் 9ஆம் நாள், ஹொக்கியன் மக்கள் விண்ணரசரின் பிறந்தநாளைக் கொண்டாடுவார்கள். 2026இல் அது பிப்ரவரி 25, புதன்கிழமை. ஆனால் வழிபாடு தொடங்குவது 8ஆம் நாள் இரவு, நள்ளிரவை ஒட்டி. மேசை போட்டு, கரும்பு கட்டி, தாள் எரிப்பதெல்லாம் செவ்வாய் இரவில். புதன்கிழமை என்று மட்டும் எழுதினால், பால்கனியில் துணி காயப்போட்டிருக்கும் குடும்பம் செவ்வாய் இரவே சாம்பலைக் கண்டுவிட்டு, அறிவிப்பில் தேதி தவறென்று என்னைத்தான் திட்டும். இப்போது நான் “பிப்ரவரி 24, செவ்வாய் இரவு தொடங்கி, 25, புதன் வரை” என்று எழுதுகிறேன். மூலத்தில் அந்த இரவு இல்லாவிட்டால், ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிறகே எழுதுகிறேன்.