வேகத்துக்கு மார்க் போடும் முன்

எங்கள் ஹோட்டலில் வருடத்துக்கு ஒருமுறை சமையல்காரர்களுக்கு மதிப்பீடு உண்டு. முதலாளி கொடுக்கும் தாளில் நான்கு கட்டங்கள் இருக்கும். என்றைக்கும் ஒரே ருசி, சுத்தம், வேகம், வீணாகும் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். சமையல்கட்டுக்குத் தலைமை என்பதால் நான்தான் நிரப்ப வேண்டும். சம்பள உயர்வும் அதைப் பார்த்துத்தான். இந்த முறை மீன் வறுக்கும் தம்பியின் தாளில் வேகத்துக்கான கட்டத்தை மட்டும் நிரப்பாமல் கொடுத்தேன். முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்: "இருக்கிறதுலயே வேகமான ஆளு அவன்தானப்பா, அதுக்குப் போய் ஏன் போடல?" அன்று அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்துக்குப் போகும் சாலையில் எங்கள் கடை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பாலம் பார்க்க வந்த கூட்டம் ஒன்றேகால், ஒன்றரைக்கு மொத்தமாக வந்து உட்காரும். பாதிப் பேர் கேட்பது சீலா வறுவல். வேறு ஊர்களில் வஞ்சிரம் என்பார்கள், நெய்மீன் என்பார்கள். எங்களுக்குச் சீலா. அந்த நேரத்தில் மற்றவர்கள் திணறும்போது இந்தத் தம்பி ஏழு நிமிடத்தில் வறுவலைத் தட்டில் வைத்துவிடுவான். சப்ளையர்களுக்கு அவன்தான் செல்லம். எனக்கும்தான்.

விரல்கனத் துண்டு, அதாவது ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள துண்டு, மிதமான தீயில் கல்லில் ஒரு பக்கம் வேக மூன்று நாலு நிமிடம் ஆகும். திருப்பிப் போட்டால் இன்னொரு மூன்று நிமிடம். அதற்கு முன்னால் டோக்கன் வர வேண்டும், துண்டை எடுக்க வேண்டும், கல் சூடாக வேண்டும், அப்புறம் எண்ணெய் வடிய வேண்டும். எப்படிக் கூட்டினாலும் பத்து நிமிடத்துக்குக் குறையாது. ஏழு எங்கிருந்து வருகிறது? இதை நான் முந்தின வருடமே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் ஒன்பது மார்க் போட்டேன்.

இந்த வருடம் மதிப்பீட்டுக்கு முன்னால் இரண்டு வாரம் அவன் பக்கத்திலேயே நின்றேன். காலை ஒன்பது மணிக்கு யாருடைய பலகையும் சுத்தமாகத்தான் இருக்கும். ஆளைப் பார்க்க வேண்டிய நேரம் ஒன்றே முக்கால். முதல் ஞாயிறே விஷயம் தெரிந்துவிட்டது. பதினொன்றரைக்கே அறுபது துண்டுகளை அரைவேக்காடாக வறுத்து, ஒரு பெரிய ட்ரேயில் அடுக்கி, அடுப்புக்குப் பக்கத்து மேடையில் வைத்துவிடுகிறான். ஆர்டர் வந்ததும் எடுத்து மறுபடி கல்லில் இரண்டு பக்கமும் ஒரு புரட்டு. மேலே நிறம் வந்துவிடும், சூடும் ஏறிவிடும். அவ்வளவுதான் அந்த ஏழு நிமிடத்தின் ரகசியம்.

ஒன்றரை மணிக்கு அந்த ட்ரேயிலிருந்த ஒரு துண்டின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன். முப்பத்தாறு டிகிரி. சமைத்ததைச் சூடாக வைப்பதென்றால் அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும். குளிரில் வைப்பதென்றால் ஐந்துக்குக் கீழே. நடுவில் இருக்கும் இடம் கிருமி பெருகும் இடம். அடுப்போர மேடை அதற்கென்றே செய்தது போன்ற கதகதப்பு. அரைவேக்காட்டில் மீனுக்குள் இருக்கும் கிருமி முழுக்கச் சாவதில்லை. அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது அங்கே கிடக்கிறது.

இதற்கும் முந்தின படியில் இன்னொரு ஆபத்து. சீலா, சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் பச்சையாக வெளியே வெம்மையில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை வலிக்கும். "எனக்கு மீன் சேரல" என்று அவர் நினைத்துக்கொண்டு போய்விடுவார். ஒருதடவை உண்டாகிவிட்டால் எத்தனை வறுத்தாலும் அது போகாது. வாசனையிலும் தெரிய வேண்டும் என்பதில்லை. அறுபது துண்டையும் ஒரே தடவையில் வெட்டி, மசாலா தடவி, மேடையில் பரப்பி வைத்து வறுத்தால் கடைசித் துண்டு கல்லுக்குப் போகும் வரை ஐஸ் இல்லாமல்தான் கிடக்கும்.

இனி ருசிக்கு வருகிறேன். பன்னிரண்டரைக்கு வறுத்த துண்டையும் இரண்டே முக்காலுக்கு வறுத்த துண்டையும் அவன் எதிரிலேயே சாப்பிட்டேன். முதல் துண்டு அடுக்கு அடுக்காகப் பிரிந்து வந்தது. இரண்டாவது நார். பிய்த்தால் பஞ்சு மாதிரி வந்தது, மசாலா மட்டும் கருகிக் கசந்தது. இருமுறை சூடு பட்டால் மீனில் இருக்கும் நீர் போய்விடும், வேறு மர்மம் ஒன்றுமில்லை. "ஒரு நாள் நல்லா இருக்கு, ஒரு நாள் மரமாட்டம் இருக்கு" என்று வாடிக்கையாளர்கள் சொன்னபோதெல்லாம் நாங்கள் மீன்காரரைத்தான் குறை சொன்னோம். பாவம், அவர் கொடுத்தது ஒரே மீன்தான்.

வீணாவதையும் அன்றே எடை போட்டேன். அன்று பதினான்கு கிலோ சீலா. தலையும் வாலும் குடலும் போக வறுவல் துண்டு பதினொரு கிலோ. தலை வீணில்லை, மண்டைக் குழம்புக்குப் போய்விடும். அறுபது துண்டில் விற்றது நாற்பத்து மூன்று. மிச்சம் பதினேழில் ஆறை நாங்கள் சாப்பிட்டோம், பதினொன்று குப்பைக்கு. துண்டு நூற்றிருபது கிராம், அப்படியானால் ஒன்றேகால் கிலோவுக்கும் மேல். முழு மீனாகக் கணக்கிட்டால் ஒன்றே முக்கால் கிலோவை நெருங்குகிறது. அன்றைய விலை கிலோ 900 ரூபாய். ஒரே மதியத்தில் 1,500 ரூபாய் மீன் குப்பைக்குப் போயிருக்கிறது. பச்சையாக ஐஸில் இருந்திருந்தால் அந்தப் பதினொன்றும் இரவுக்கு ஆகியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில், நாட்டுப்படகு கொண்டுவரும் மீனை நம்பி விலையைப் பார்க்காமல் வாங்கும் கடைக்கு இது சின்னத் தொகை இல்லை.

ஆக, ஒரே ஒரு பழக்கம், வேகத்தில் மார்க்கைக் கூட்டி மற்ற மூன்றிலும் குறைக்கிறது. தாளில் நான்கு கட்டமும் தனித்தனியாக இருப்பதால் அது தெரிவதே இல்லை. வேகத்துக்கு ஒன்பது, மற்றவற்றுக்கு ஆறு, ஐந்து, ஐந்து என்று போட்டால், "வேகமான ஆள், கொஞ்சம் கவனம் போதாது" என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அது உண்மையில்லை. அந்த வேகமே மற்ற மூன்றிலிருந்து எடுத்ததுதான். அதனால்தான் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை.

இதில் தம்பியை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்டபோது அமைதியாகச் சொன்னான்: "மாஸ்டர், ஒன்றரைக்கு நீங்கதான என் பின்னால நின்னு 'என்னாச்சு, என்னாச்சு'ங்கிறீங்க. ஒரு கல்லு. அதுல ஆறு துண்டுதான் போட முடியும். நான் வேற என்ன செய்யட்டும்?" அவன் சொன்னது சரி. எட்டுத் துண்டு போட்டால் கல் சட்டென்று ஆறிவிடும். மீன் வறுபடாமல் நீர் விட்டு வேகும், மசாலா கல்லில் ஒட்டிக்கொள்ளும். கூட்டத்துக்கு ஒரு கல் போதாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுத்தத்திலும் அப்படித்தான். அவன் தோளில் ஒரு துண்டு கிடக்கும். அதில்தான் கை துடைப்பான், கத்தி துடைப்பான், வியர்வை துடைப்பான், தட்டின் ஓரத்தில் வழிந்த எண்ணெயையும் துடைப்பான். பச்சை மீனைத் தொட்ட கை அதே துண்டில் துடைபட்டு, வெங்காயமும் எலுமிச்சையும் எடுத்து வைக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கை கழுவினான் என்று எண்ணினேன். இரண்டு. மார்க்கைக் குறைத்து எழுதப் போனவன், குழாய் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் இடத்தில், பதினைந்து அடி தள்ளி. அதில் வருவது போர் தண்ணீர். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காதென்று இந்தக் கடற்கரையில் குடியிருக்கும் எவருக்கும் தெரியும். நல்ல தண்ணீர் லாரியில் வந்து டிரம்மில் நிற்கும், அதைச் சமையலுக்கு மட்டும் எடுக்கச் சொல்லியிருப்பது நான். அப்படியிருக்க அவன் கை கழுவவில்லை என்று எழுதினால் அது பாதி நியாயம்தான். ஆனாலும் ஐந்துதான் போட்டேன். சாப்பிடுகிறவர் வயிற்றுக்குக் காரணம் கேட்கத் தெரியாது.

வீணானதில் அவன் மேல் ஏற்றக் கூடாததும் உண்டு. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகும் கூட்டத்தைப் பார்த்து, ஒரு வருடம் வழக்கத்தைவிட அதிகமாக மீன் எடுத்தோம். கூட்டம் வந்தது. அமாவாசையன்று யார் மீன் தொடுவார்கள்? அத்தனையும் சாம்பார் சாதத்துக்கும் தயிருக்கும் வந்த கூட்டம். அந்த மிச்சம் வாங்கியவன் கணக்கு, வறுத்தவன் கணக்கு இல்லை. அதனால் இப்போது மூன்று வாளி வைத்திருக்கிறோம். வெட்டும்போது விழுவது ஒன்றில், சமைத்து மிஞ்சியது ஒன்றில், தட்டில் திரும்பி வந்தது ஒன்றில். முதல் இரண்டில்தான் சமையல்காரனுக்கு மார்க். அதிலும் இரண்டாவதில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு கொள்முதலுடையது என்று பார்த்துத்தான். தட்டில் திரும்பியதை நான் ருசி பார்த்த பிறகே யார் தலையில் போடுவதென்று முடிவு.

முதலாளி ஒரு மாதம் பொறுப்பதாகச் சொன்னார், இன்னொரு கல்லும் வாங்கித் தந்தார். அரைவேக்காட்டை அடியோடு நிறுத்தினோம். காலையில் வெட்டி ஒரே கனத்தில் துண்டு போட்டு, எடை பார்த்து, மசாலா இல்லாமல் மூடிய டப்பாவில் ஐஸின் மேல் வைக்கிறான். பத்துப் பத்துத் துண்டாக எடுத்து மசாலா தடவுகிறான், அதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் ஊறாமல். உப்பும் எலுமிச்சையும் அதிக நேரம் நின்றால் மீன் நீர் விட்டு இறுகிவிடும், எண்ணெயிலும் தெறிக்கும். வால் பக்கத்து மெல்லிய துண்டுகளை வறுவலுக்குப் போடாமல் குழம்புக்குத் தள்ளிவிடுகிறான். சப்ளையர் முதலிலேயே "வறுவல் பன்னிரண்டு நிமிஷம் ஆகும்ணே" என்று சொல்லிவிட்டுச் சோறும் குழம்பும் வைத்துவிடுகிறார். இதுவரை ஒருவரும் எழுந்து போகவில்லை.

மாதக் கடைசி ஞாயிறன்று மறுபடி அளந்தேன். கூட்டம் முட்டிய நேரத்தில் அவனுக்குப் பதினொரு நிமிடம். இரண்டே முக்காலுக்கு வறுத்த துண்டும் அடுக்கடுக்காகவே பிரிந்தது. இரண்டாவது வாளியில் இரண்டு துண்டு. வேகத்துக்கு எட்டு போட்டேன், ருசியை ஆறிலிருந்து எட்டாக்கினேன், வீணாகும் சரக்கை ஐந்திலிருந்து ஏழாக்கினேன். சுத்தத்தைத் தொடவில்லை. தோள் துண்டு போய்விட்டது, ஆனால் கை கழுவும் குழாய் இன்னும் பதினைந்து அடி தள்ளித்தான் இருக்கிறது. பிளம்பர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.