ஆமாம், என் பிரவுன் சுகர் வெள்ளைச் சர்க்கரையில் செய்ததுதான்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சுற்றும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு நானே அனுப்புகிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. கிண்ணத்தில் வெள்ளைச் சர்க்கரை, மேலே வெல்லப்பாகு ஊற்றும் என் கை, வளையல் உட்பட. அதற்கு மேல் சிவப்பு எழுத்தில் 'கலப்படம்'. கீழே, 'ஹோம்மேட் என்று சொல்லி வெள்ளைச் சர்க்கரைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், ஜாக்கிரதை' என்று ஒரு வரி. அதைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர் இரண்டு கிலோ குக்கீஸ் ஆர்டரை ரத்து செய்துவிட்டார். காரணம் கேட்டேன். 'ஒண்ணுமில்லைங்க, வீட்டுல விசேஷம் தள்ளிப்போச்சு' என்றார். தள்ளிப்போகவில்லை, ஸ்டேட்டஸில் பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரவுன் சுகர் என்றாலே வெள்ளைச் சர்க்கரையும் மொலாசஸும்தான். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் படிகமாகப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகுதான் மொலாசஸ். வெளிநாட்டில் பல ஆலைகள், முழுக்க வெளுத்த சர்க்கரையின் மேல் இந்தப் பாகை அளந்து மறுபடி பூசித்தான் பாக்கெட் போடுகின்றன. வெளிர் பிரவுன் சுகரில் எடைக்கு மூன்றரை சதவீதம் அளவுக்கு மொலாசஸ், அடர் பிரவுனில் ஆறரை சதவீதம் அளவுக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். 'பெயிண்ட்' என்று கிண்டல் செய்தவருக்கு ஒரு தகவல்: அந்தத் தொழிலில் இருப்பவர்களே இப்படிச் செய்வதைப் பெயிண்ட் அடிப்பது என்றுதான் சொல்வார்கள். ஆலை அடித்தால் சரக்கு, நான் அடித்தால் கலப்படமா?

கலப்படம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சேலம் பக்கம் வெல்லம் காய்ச்சும் இடங்களில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை போட்டு, வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளைப் பிடித்ததாகச் செய்தி வருகிறதே, அது கலப்படம். சர்க்கரையைக் கலந்துவிட்டு வெல்லம் என்று விற்கிறார்கள். நான் சர்க்கரையைக் கலந்து சர்க்கரை என்றுதான் சொல்கிறேன். போட்டோவே போட்டேன். மறைத்துச் செய்பவள் போட்டோ போடுவாளா?

'அதுக்குக் கடையிலயே பிரவுன் சுகர் கிடைக்குதே' என்பார்கள். கிடைக்கிறது. நம்மூர் பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொட்டிப் பாருங்கள், பெரும்பாலும் கலகலவென்று உதிரும். டெமராரா என்ற பருமனான சர்க்கரை மாதிரி பெரிய படிகம், மேலே மெல்லிசாக ஒரு பாகுப் பூச்சு. காபிக்குப் போடலாம், மஃபின் மேல் தூவினால் மொறுமொறுவென்று இருக்கும், அந்த வேலைக்கு நான் செய்வது உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குக்கீஸ் குறிப்பில் கேட்கும் பிரவுன் சுகர் அது இல்லை. இது ஈர மணல் மாதிரி இருக்க வேண்டும். கைப்பிடியில் அழுத்தினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும்.

அந்த ஈரத்தில்தான் காரியமே இருக்கிறது. பாகில் சுக்ரோஸ், அதாவது நாம் போடும் சாதாரணச் சர்க்கரை, மட்டும் இல்லை, அது உடைந்து வந்த குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இருக்கின்றன. இவை ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதோடு பாகு லேசான புளிப்புத் தன்மை உள்ளது, சமையல் சோடாவோடு சேர்ந்து மாவை எழுப்பும். நம்பாதவர்கள் ஒரே மாவை இரண்டாகப் பிரித்துச் செய்து பாருங்கள். நான் செய்தேன். வெள்ளைச் சர்க்கரை போட்டது தட்டில் பரவி மெல்லிசாக வெந்தது, மறுநாள் 'டக்'கென்று உடைந்தது. பிரவுன் சுகர் போட்டது கொஞ்சம் தடிமனாக நின்றது, மறுநாளும் நடுவில் மெத்தென்று வளைந்தது. பெயிண்ட் அடித்தால் நிறம் மட்டும்தானே மாற வேண்டும்?

'அப்போ நாட்டுச் சர்க்கரை போட வேண்டியதுதானே, ஆரோக்கியம்' என்பது அடுத்த கேள்வி. இதைக் கேட்பவர்கள் ஒருமுறையாவது போட்டிருக்கிறார்களா தெரியாது. நான் போட்டேன். நாத்தனார் மகளின் பிறந்தநாளுக்கு நாற்பது குக்கீஸ், முழுக்க நாட்டுச் சர்க்கரையில். வெண்ணெயோடு சேர்த்து அடித்தால் வெள்ளைச் சர்க்கரையின் படிகம் வெண்ணெயைக் கீறிக் காற்றைப் பிடிக்கும். நாட்டுச் சர்க்கரை மாவு மாதிரி, கீறாது. கூடவே குட்டிக் குட்டிக் கட்டிகள், அடுப்பில் உருகி ஆங்காங்கே கருந்திட்டு. குழந்தை ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, 'அத்தை, இது கமர்கட்டா?' என்றது. வாழைப்பழக் கேக்குக்கு நாட்டுச் சர்க்கரை அருமையாகப் பொருந்தும், நானே போடுகிறேன். பொங்கலுக்கும் பாயசத்துக்கும் வெல்லத்தை விட்டு வேறு எதையும் தேடவே வேண்டாம். குக்கீஸுக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

எப்படிச் செய்வது என்று இன்பாக்ஸில் கேட்ட பதினைந்து பேருக்காக எழுதுகிறேன், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். (ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள் இந்தப் பத்தியை முழுசாக எடுங்கள்.)

நம்மூர் சர்க்கரை பருமன் அதிகம். 200 கிராம் எடுத்து மிக்ஸியில் இரண்டே சுற்று விட்டு நிறுத்துங்கள், பொடியாகிவிடக் கூடாது. உணவுக்கான மொலாசஸ் கிடைத்தால் வெளிர் நிறத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன், அடர் நிறத்துக்கு இரண்டு. பேக்கிங் சாமான் கடையில் உணவுத் தரம் என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். சர்க்கரை ஆலையில் தெரிந்தவர் இருக்கிறார் என்று கேன் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அங்கே மிஞ்சுவது சாராய ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிற சரக்கு.

மொலாசஸ் இல்லையா, வெல்லப்பாகு. 250 கிராம் வெல்லம், நல்ல கறுத்த நிறமாகப் பார்த்து வாங்குங்கள், பளபள மஞ்சளில் வாசனையே இருக்காது. அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் காய்ச்சுங்கள். அந்தப் புளிப்பு சுக்ரோஸில் கொஞ்சத்தை உடைக்கும், ஆறின பிறகு பாகு பூத்துப்போகாது. விரலில் தொட்டு இழுத்தால் கம்பி வர ஆரம்பித்து உடனே அறுந்துபோக வேண்டும். அங்கேயே இறக்குங்கள். ஆறினால் தேன் மாதிரி இருக்கும். நான் முதல் தடவை இன்னும் ஐந்து நிமிடம் விட்டுவிட்டேன். எட்டிப் பார்த்த மாமியார், 'ஏம்மா, கடலை உருண்டைக்கா பாகு வைக்கிற?' என்றார். சர்க்கரையில் ஊற்றியதும் கல்லாகிவிட்டது. இரண்டாம் தடவை அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன், சர்க்கரை கரைந்து சேறாகிவிட்டது. கை பொறுக்கும் சூட்டில்தான் ஊற்ற வேண்டும்.

அந்தப் பாகில் இரண்டு டேபிள்ஸ்பூன் போதும். மூன்று போட்டால் நசநசத்துப்போகும். முதலில் திட்டுத் திட்டாக இருக்கும், பயப்படாமல் விரல் நுனியால் ஐந்து நிமிடம் தேய்த்துக்கொண்டே இருங்கள், புட்டு மாவு பிசிறுவது மாதிரி. அப்புறம் ஒரு சல்லடை. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். இறுகிவிட்டால் புது அகல் விளக்கு ஒன்றை, எண்ணெய் படாததை, கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து உள்ளே போட்டு மூடுங்கள். மறுநாள் இளகிவிடும்.

இன்னொன்று. வெண்ணெயோடு அடிக்கிற குறிப்பாக இருந்தால் இவ்வளவு தேய்க்கவே வேண்டாம், வெள்ளைச் சர்க்கரையையும் பாகையும் நேராக வெண்ணெயில் போட்டு அடித்துவிடலாம், எல்லாம் கலக்கத்தானே போகிறது. சினமன் ரோலுக்கு உள்ளே தூவ, ஆப்பிள் கிரம்பிள் மேலே தூவ, இந்த மாதிரி வேலைக்குத்தான் தனியாகக் கலந்து வைக்க வேண்டும்.

'வெல்லப்பாகு போட்டால் அது அசல் பிரவுன் சுகர் இல்லையே' என்று ஒருவர் நிதானமாகவே கேட்டிருந்தார். நியாயம். மொலாசஸின் அந்தக் கசப்பும் கறுப்பு வாசனையும் வெல்லத்தில் வராது. வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான் என்பதால் ஈரமும் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும். கிறிஸ்துமஸுக்கு ஜிஞ்சர்பிரெட் செய்கிறீர்கள் என்றால் மொலாசஸையே தேடுங்கள். மற்றபடி என் குக்கீஸைச் சாப்பிட்ட யாரும் இதுவரை குறை சொன்னதில்லை, நானும் இதை மாற்றுவதாக இல்லை.

ஆரோக்கியம் பற்றி மட்டும் என்னிடம் பேச வராதீர்கள். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரைக்கும் பிரவுனுக்கும் கலோரியில் சொல்லும்படி வித்தியாசம் கிடையாது. பாகில் இருக்கும் தாதுக்கள், ஒரு ஸ்பூன் சர்க்கரையில் கணக்கிலேயே வராத அளவு. என் அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை நோய். யாரோ அவரிடம் 'பிரவுன் ஒண்ணும் பண்ணாது' என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்குத் தெரியாமல் காலை மாலை இரண்டு ஸ்பூன் போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். பரிசோதனை முடிவு வந்த அன்று, அந்த பாக்கெட்டை எடுத்துக் காட்டி, 'இது வேற சர்க்கரைம்மா' என்றார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் நான் செய்வது வெள்ளைச் சர்க்கரை என்று ஒவ்வொரு டப்பாவிலும் எழுதி ஒட்டுகிறேன். வெள்ளைச் சர்க்கரை, வெண்ணெய், மைதா, வெல்லப்பாகு. நாலும் எழுதியிருக்கும். அதை எழுதியதற்குத்தான் எனக்கு இந்தப் பட்டம்.

பெயர் போட மாட்டேன். ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை முதலில் போட்ட அக்காவுக்கு ஒரு விஷயம் ஞாபகப்படுத்துகிறேன். போன தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, நின்றுகொண்டே ஆறு குக்கீஸ் சாப்பிட்டீர்கள். 'கடையில வாங்குறதெல்லாம் இப்படி மெத்துன்னு இருக்க மாட்டேங்குதே, என்ன போடுற?' என்று கேட்டீர்கள். அடுப்படிக்குக் கூட்டிப்போய் டப்பாவைத் திறந்து காட்டினேன். உள்ளே அகல் விளக்கு எதற்கு என்றுகூடக் கேட்டீர்களே அக்கா.