“அப்போ கவுன்டரைக் கூட்டிடலாமே?”

“டெக்னிக்கல் பின்னணி இல்லாத ஒரு மேனேஜருக்கு சிஸ்டம் படுத்துப்போனதை எப்படிப் புரிய வைத்தீர்கள்?” இன்டர்வியூக்களில் இந்தக் கேள்வியை நானும் கேட்கிறேன், என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு நல்ல உவமையைத் தயார் செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள். டேட்டாபேஸ் ஒரு பேங்க், கனெக்‌ஷன் ஒரு கவுன்டர் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த உவமை மேல் ஒரு பழைய கோபம் உண்டு. அதைச் சொல்லி நானே மாட்டிக்கொண்டவன்.

மருந்துக் கடைகள் மொத்த வியாபாரிகளிடம் ஆர்டர் போடும் ஒரு மென்பொருளில் வேலை பார்த்தேன். மாதக் கடைசி நாள், காலை 11 மணி. ஆர்டர் சிலருக்குப் போகிறது, சிலருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மதியம் 1 மணிக்குள் வரும் ஆர்டர்தான் அன்றைய வண்டியில் ஏறும். எங்கள் அப்ளிகேஷன் டேட்டாபேஸுக்கு வைத்திருந்தது 20 கனெக்‌ஷன். `pg_stat_activity`-யில் பார்த்தால், அதில் 17-ஐ ஒரே ரிப்போர்ட் பிடித்துக்கொண்டிருந்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் மாதாந்திர ரிப்போர்ட் பட்டனை அழுத்தியிருக்கிறார். வரவில்லை, மறுபடி அழுத்தியிருக்கிறார். பிரவுசரை மூடித் திறந்து மறுபடியும். அவர் பக்கத்தை மூடினாலும் டேட்டாபேஸில் அந்த வேலை ஓடிக்கொண்டுதான் இருக்கும், அது அவருக்கு எப்படித் தெரியும்?

ஆபரேஷன்ஸ் மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். நான் பேங்க் கதையைச் சொன்னேன். இருபது கவுன்டர், பதினேழில் ஒரே ஆள் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறார், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர் உடனே கேட்டார்: “அப்போ கவுன்டரைக் கூட்டிடலாமே?”

உவமைப்படி அது சரியான கேள்விதான். நிஜத்தில் தப்பான வைத்தியம். அத்தனை ரிப்போர்ட்டும் ஒரே டிஸ்க்கைத்தான் குடைந்துகொண்டிருந்தன. கனெக்‌ஷனைக் கூட்டியிருந்தால் புதிதாக வந்த இடத்தையும் அடுத்தடுத்த அழுத்தல்கள் பிடித்திருக்கும். போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி ப்ராசஸ் என்பதால் மெமரியும் போயிருக்கும். இதை விளக்கப் போய், ஏன் கூட்டக் கூடாது என்பதற்கே ஐந்து நிமிஷம் போய்விட்டது. வரிசையில் நிற்கும் கடைக்காரர்களுக்கு அந்த ஐந்து நிமிஷத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம்தான் உவமையை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன். “சார், கணக்குப் பிரிவு ரிப்போர்ட் ஆர்டரை மறித்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் சில நிமிஷத்தில் ஆர்டர் சரியாகும். அது வெறுமனே படிக்கிற வேலை, நிறுத்துவதால் எந்தத் தகவலும் அழியாது. ஆனால் ரிப்போர்ட் இன்று ராத்திரிதான் கிடைக்கும். நிறுத்தவா?” அவர் கணக்குப் பிரிவுக்கு ஒரு போன் போட்டுவிட்டு “நிறுத்து” என்றார்.

இந்தக் கதையை முதல் இன்டர்வியூவில் சொன்னபோது கனெக்‌ஷன் பூல் என்றால் என்ன என்பதிலேயே இரண்டு நிமிஷம் ஓட்டிவிட்டேன். கேட்டவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, மேனேஜர் என்ன செய்தார்?” என்றார். எனக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றியிருக்கவில்லை.

ஸ்டார் முறை என்று எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள்: சூழ்நிலை, பொறுப்பு, செய்தது, விளைவு. அதில் குற்றமில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ‘செய்தது’ என்பது ரிப்போர்ட்டை `pg_cancel_backend` போட்டு நிறுத்தியது இல்லை. மேனேஜரிடம் என்ன வார்த்தை சொன்னேன், எதைச் சொல்லாமல் விட்டேன், எந்த முடிவை அவர் கையில் கொடுத்தேன் என்பதுதான். கணக்குப் பிரிவின் ரிப்போர்ட்டைத் தள்ளிவைக்க எனக்கு அதிகாரம் கிடையாது, அவருக்கு உண்டு. அவர் முடிவெடுக்கத் தேவையான அளவுக்குப் புரிந்தால் போதும். ‘விளைவு’ என்பதிலும் “சர்வர் சரியாகிவிட்டது” என்று முடிக்கிறவர்களே அதிகம். அவருக்குப் புரிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? என் கதையில் அதற்கு ஒரு அடையாளம் இருந்தது. பத்து நிமிஷம் கழித்து அவர் ஒரு மருந்துக் கடைக்காரரிடம் போனில், “எங்கள் பக்கம் ஒரு ரிப்போர்ட் குறுக்கே நின்றுவிட்டது, எடுத்துவிட்டோம், போட்ட ஆர்டர் எதுவும் தொலைந்துபோகவில்லை, சுற்றிக்கொண்டிருந்ததை மட்டும் மறுபடி போடுங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொடுத்திருந்தால்கூட அவ்வளவு சரியாக வந்திருக்காது.

இப்போது இந்தக் கதையைச் சொன்னால், தொழில்நுட்பத்துக்கு இரண்டு வாக்கியம்தான். கவுன்டர் கதையில் நான் சறுக்கியதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். அங்கேதான் கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். ஆழமாக வேண்டுமென்றால் அவரே கேட்பார், “மறுபடி வராமல் என்ன செய்தீர்கள்?” என்று. ரிப்போர்ட்டுக்குத் தனியாக இரண்டே கனெக்‌ஷன் ஒதுக்கினோம், அதற்கு மட்டும் `statement_timeout` வைத்தோம். பட்டனை ஒருமுறை அழுத்தினால் ரிப்போர்ட் வரும்வரை மங்கலாகிவிடும்படி செய்தோம். அந்தக் கடைசி யோசனை மேனேஜருடையது.