கூண்டு கேட்பதற்கு முன் ஆட்டுக் கொட்டகையைப் பாருங்கள்

ஜெலபு பக்கம் கருஞ்சிறுத்தை நடமாட்டம் என்று ஒரு வீடியோ வந்தால் போதும், நம் கோலாலம்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே குரல்தான்: "கூண்டு வைத்துப் பிடித்து எங்காவது காட்டில் விடுங்கள்." பயம் நியாயமானது, என் மாமாவே அந்தப் பக்கம் ஆடு வளர்க்கிறார். ஆனாலும் இந்தக் கோரிக்கையை நான் ஆதரிக்க மாட்டேன்.

மகாராஷ்டிராவில் ஜுன்னர் என்று கரும்பு விளையும் பகுதி ஒன்று இருக்கிறது. 2001 தொடங்கி அங்கே ஏராளமான சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் மனிதர்கள் மீது ஆண்டுக்குச் சராசரியாக 4 தாக்குதல்கள் நடந்த இடத்தில், அதன்பிறகு 17 நடந்தன. பழகிய எல்லையை விட்டுப் பெயர்க்கப்பட்ட சிறுத்தை புது இடத்தில் அலைகிறது, பழைய இடத்துக்கே திரும்பவும் பார்க்கிறது. காலியான இடத்துக்கு இன்னொன்று வந்துவிடுகிறது.

மாமா கொட்டகையில் ஒருநாள் காலையில் நான்கு ஆடுகள் செத்துக் கிடந்தன, ஒன்றைக்கூடத் தின்னவில்லை. ரத்தவெறி பிடித்த மிருகம் என்றார்கள். அப்படியில்லை. அடைத்த இடத்தில் ஆடுகள் மிரண்டு ஓட ஓட, சிறுத்தை கடித்துக்கொண்டே இருக்கும். நாயாக இருந்தால் பின்கால், தொடை என்று கண்டபடி குதறியிருக்கும். இங்கே எல்லாவற்றுக்கும் தொண்டையில்தான் பல் பதிந்த துளைகள். கம்பம் வைத்து உயர்த்திய கொட்டகைதான், பலகைச் சுவர் நெஞ்சுயரம், அதற்கு மேல் தகரக் கூரை வரை வெறும் கோழிவலை. மரமேறும் விலங்குக்கு அது ஒரு தடையா? மேல்மூலையில் வலை உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

அப்புறம் மாமா செய்தது இதுதான். கூரைக்கும் சுவருக்கும் இடையில் தடித்த வெல்ட் கம்பிவலை, அதுவும் தூணின் வெளிப்பக்கம் வைத்து போல்ட் போட்டது. வெளியிலிருந்து தள்ளினால் வலை தூணோடு இறுகும். உள்பக்கம் ஆணியடித்தால் ஒரே தள்ளில் பிய்ந்துவிடும். கதவும் அதே கணக்குதான், வெளிப்பக்கம் திறக்க வேண்டும், மேலும் கீழும் தாழ்ப்பாள், அடியில் தலை நுழையும் இடைவெளி கூடாது. சுற்றியிருந்த புதரை வெட்டினார். கோழிக் கழிவைப் பின்னால் கொட்டுவதையும் நிறுத்தினார், ஏனென்றால் கழிவுக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும்.

இருட்டோடு பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தீபகற்பத்துச் சிறுத்தைகள் பெரும்பாலும் கறுப்பு, டார்ச் அடித்தாலும் கண் மட்டும்தான் மின்னும். தனியாகப் போகாதீர்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆள் அதன் கண்ணுக்குச் சின்ன விலங்கு மாதிரித் தெரியலாம். எதிரே பார்த்துவிட்டால் ஓடாதீர்கள். நிமிர்ந்து நின்று, முகத்தை அதன் பக்கமே வைத்து, மெதுவாகப் பின்வாங்குங்கள். செத்த ஆட்டில் விஷம் வைக்கும் வேலையும் வேண்டாம், சட்டப்படி குற்றம், முதலில் சாவது ஊர் நாயும் உடும்பும்தான். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், ஆனால் அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் அன்று மாலையே அந்த வலையை மாற்றிவிடுங்கள். ருசி கண்ட கொட்டகைக்குச் சிறுத்தை மறுபடி வரும்.