"இந்த வாரம் மட்டும் மாத்திக்கலாமா மிஸ்?" - ஆன்லைன் பாட்டு வகுப்புக்கு ஒரு வரம்பு

சென்னையிலோ திருச்சியிலோ இருந்துகொண்டு அமெரிக்காவில் உள்ள குழந்தைகளுக்கு ஆன்லைனில் தனி வகுப்பாகக் கர்நாடக சங்கீதம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு இந்தப் பதிவு. கட்டணம் ஒழுங்காக வரும், குழந்தை ஆசையாகப் பாடும், பெற்றோரும் மரியாதையானவர்கள். ஆனால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வாட்ஸாப்பில் "மிஸ், இந்த வாரம் மட்டும் மாத்திக்கலாமா?" என்று செய்தி வரும். இப்படிப்பட்ட குடும்பத்தை இழக்காமலேயே இதைச் சரிசெய்யலாம். அதற்கு ஒரு வரம்பு வேண்டும். அந்த வரம்பு முதல் மாற்றத்தின்போதே காதில் விழ வேண்டும். நாலு தடவை "பரவாயில்லைம்மா" என்று சொல்லிவிட்டு ஐந்தாவது தடவை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் அவர்களுக்கு எதுவும் புரியாது. நேற்றுவரை பரவாயில்லாமல் இருந்தது இன்று என்ன ஆயிற்று என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு மாற்றத்தால் ஆசிரியருக்கு என்ன போகிறது என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. நாமும் சொல்வதில்லை. நியூஜெர்சி, பாஸ்டன் பக்கம் உள்ள குழந்தைக்கு வெள்ளி இரவு 7 மணி என்றால், குளிர்காலத்தில் நமக்குச் சனிக்கிழமை விடியற்காலை 5:30. அங்கே 9:15க்கு மேல் குழந்தை தூங்கப் போய்விடும். ஆக, 45 நிமிட வகுப்பு என்றால் அந்தக் காலைப்பொழுதில் அந்தக் கிழக்குக் கரைக்கு மூன்று ஸ்லாட்தான். அதில் ஒரு குழந்தை விலகி ஞாயிறு காலைக்குப் போனால், காலியான இடம் வேறு யாருக்கும் உதவாது. முந்தின நாள் இரவு சொல்லி இன்னொரு குழந்தையை அங்கே கொண்டுவர முடியாது. ஞாயிறில் வேறு ஓர் இடமும் போகிறது. ஒரு வகுப்பு கட்டணத்துக்கு இரண்டு ஸ்லாட். இதை ஒரு தடவை பெற்றோரிடம் இதே கணக்கில் சொல்லிப் பாருங்கள். பாதிப்பேர் அத்துடன் குறைத்துக்கொள்வார்கள்.

பாட்டுக்கு ஆகும் நஷ்டம் வேறு. வெள்ளி வகுப்பு அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போனால் பதினோரு நாள் இடைவெளி வருகிறது, அதற்கடுத்த வகுப்புக்கு மூன்றே நாள். வர்ணம் கற்கும் குழந்தை என்றால், முதல் இடைவெளியில் சிட்டஸ்வரம் கலைந்துவிடும். இரண்டாவதில் இரண்டாம் காலத்தைச் சாதகம் செய்ய நேரமே இருக்காது. இரண்டு வகுப்பும் பழையதைத் திரும்பப் பாடியே முடியும். பிறகு "ஒரே வர்ணத்துல நாலு மாசமா இருக்கா" என்று அதே பெற்றோர் கேட்பார்கள்.

எத்தனை மாற்றம் அனுமதிக்கலாம்? மாதத்துக்கு ஒன்று என்று வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நாலில் ஒன்று மிக அதிகம். மாத எல்லை குறுகலானது என்பதால் "போன மாசத்து ஒண்ணு மிச்சம் இருக்கே" என்ற பேரமும் வரும். மூன்று மாதத்தை ஒரு கட்டமாக எடுங்கள். அதில் 13 வாரம் இருக்கிறது. கட்டணம் 12 வகுப்புக்கு வாங்குங்கள், 13ஆவது வாரத்தைக் காலியாக விடுங்கள். கட்டத்துக்கு இரண்டு மாற்றம் என்று வைத்தால், ஒன்றை அந்தக் காலி வாரத்தின் வழக்கமான நேரத்திலேயே முடித்துவிடலாம், இன்னொன்றுக்கு மட்டும் வேறு நேரம் தேட வேண்டியிருக்கும். அந்த வேறு நேரத்தையும் தேடி அலைய வேண்டாம். வாரத்தில் ஒரு காம்பன்சேஷன் ஸ்லாட்டை நீங்களே நிர்ணயித்துவிடுங்கள். உதாரணமாக, சனிக்கிழமை மாலை 6:30; குளிர்காலத்தில் அங்கே சனி காலை 8 மணி. "உங்களுக்கு எப்ப வசதி?" என்று கேட்டால் இருபது செய்தி ஓடும். "இந்தச் சனி மாலை இருக்கு, இல்லாட்டி 13ஆவது வாரம்" என்றால் இரண்டே செய்தியில் முடியும்.

கூடவே இரண்டு விதி போதும். காம்பன்சேஷனாகக் கொடுத்த வகுப்பு மறுபடி மாறாது. எடுக்காத மாற்றம் அடுத்த கட்டத்துக்குப் போகாது.

முன்னறிவிப்பை "24 மணி நேரத்துக்கு முன்" என்று எழுதாதீர்கள். 23 மணி நேரம் இருக்கும்போது செய்தி வரும், வாக்குவாதமும் கூடவே வரும். "வியாழன் இரவு 8 மணிக்குள், உங்க ஊர் நேரம்" என்று நாளையும் மணியையும் எழுதுங்கள். உங்க ஊர் நேரம் என்பது முக்கியம். நமக்குச் சனிக்கிழமை காலை என்பது அவர்களுக்கு வெள்ளி இரவு. "சனிக்கிழமை வேண்டாம் மிஸ்" என்று வரும் செய்தியில் எந்தச் சனி என்று கேட்காமல் விட்டு, ஒருவர் கேமரா முன் காத்திருக்க மற்றவர் தூங்கிக்கொண்டிருப்பது இந்தத் தொழிலில் சகஜம். கூகுள் காலண்டரில் நிகழ்வைப் போடும்போது நேர மண்டலத்தை நியூயார்க் என்று வைத்து அவர்களுக்கும் அழைப்பு அனுப்பிவிட்டால், இருவருக்கும் அவரவர் நேரம் தெரியும்.

இதை நடைமுறையில் பார்ப்போம். நியூஜெர்சியில் ஒரு குழந்தை, வெள்ளி இரவு 8 மணி வகுப்பு, ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வாரம் தோழியின் பிறந்தநாள். அம்மா புதன்கிழமையே சொல்லிவிடுகிறார். பதில் இப்படி இருக்கட்டும்: "சரிம்மா, பிறந்தநாளுக்குப் போய்ட்டு வரட்டும். இந்தச் சனி காலை 8 மணி உங்க நேரத்துக்கு வகுப்பு வெச்சுக்கலாம். மார்ச் வரைக்கும் ரெண்டு மாற்றம், அதுல இது முதலாவது." கடைசி வாக்கியம்தான் எல்லா வேலையையும் செய்கிறது. ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால், மூன்றாவது தடவை நாம் புதிதாக எதையும் சொல்ல வேண்டியிருக்காது. ஆறாவது வாரம் பள்ளி நிகழ்ச்சி, இரண்டாவது மாற்றம். "இதோட ரெண்டும் ஆச்சு, இதை 13ஆவது வாரம் வெச்சுக்கலாம்."

மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நம் வகுப்பு காலை 6:30 என்று இந்திய நேரப்படி நிலைத்திருந்தால் குழந்தைக்கு இரவு 9 மணி ஆகிவிடும். அம்மா மாற்றச் சொல்வார். அது அவரால் வந்த மாற்றம் அல்ல, அதை எண்ணிக்கையில் சேர்ப்பது அநியாயம். சேரும்போதே முடிவு செய்திருக்க வேண்டும்: நியூஜெர்சி நேரம் 8 மணி நிலையானது என்றால், மார்ச்சிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கு விடியற்காலை 5:30. அந்த நேரத்துக்கு எழுந்து சுருதி சேர்க்க முடியாது என்றால், கோடைக்கு இரவு 8:30 என்று முன்பே எழுதிவிடுங்கள், நமக்கு 6 மணி.

பதினொன்றாவது வாரம் வீட்டில் விருந்தாளிகள், மூன்றாவது கோரிக்கை. "விருந்தாளிங்க வர்றப்ப கஷ்டம்தான்மா. இந்தக் கட்டத்துக்கான ரெண்டு மாற்றமும் முடிஞ்சுட்டதால வகுப்பு வெள்ளி 8 மணிக்கே இருக்கும். அவ வர முடிஞ்சா பாடலாம். முடியலைன்னா அந்த நேரத்துல அவளுக்காக அனுபல்லவி, சிட்டஸ்வரம் ரெண்டு காலத்துலயும் பாடிப் பதிவு பண்ணி அனுப்பறேன், அதுதான் இந்த வார வகுப்பு." வரம்பு அசையவில்லை, குழந்தைக்குப் பாடமும் போய்ச் சேர்கிறது. அந்த 45 நிமிடத்தில் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள், வேறு நாளில் செய்யாதீர்கள். நீளம் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், அதற்கு மேல் குழந்தை கேட்காது. "அப்ப ஞாயித்துக்கிழமை ஒரு இருபது நிமிஷம் மட்டும் மிஸ்" என்று வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாதி வகுப்பு கொடுத்தால் அது மூன்றாவது மாற்றம்தான், நாலாவதும் வரும்.

சிலர் மாற்றத்துக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் அபராதம் போடுகிறார்கள். அது எதிராகத்தான் வேலை செய்யும். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தின் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள் யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளியலாளர்கள். 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில், தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காசு கொடுத்தால் கூச்சம் போய்விடுகிறது. டாலரில் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு முந்நூறு ரூபாய் ஒரு தடையே இல்லை. நமக்குத் தேவை காசு அல்ல, அந்த விடியற்காலை நேரம்.

உடம்பு சரியில்லை என்றால் இந்த வரம்பு பொருந்தாது, ஒரு மணி நேரம் முன்பு சொன்னாலும் சரி. ஆனால் ஒன்று கேளுங்கள்: பாட முடியவில்லையா, உட்காரவே முடியவில்லையா? காய்ச்சல் என்றால் ஓய்வு எடுக்கட்டும், 13ஆவது வாரம் இருக்கிறது. தொண்டை மட்டும் கட்டியிருந்தால், பாட வைக்காமல் வகுப்பை நடத்தலாம். நாம் பாடப்பாட ஸ்வரம் எழுதச் சொல்லலாம், தாளம் போட வைத்து இரண்டாம் காலத்தில் எங்கே எடுப்பு என்று பிடிக்கச் சொல்லலாம். இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்தால், லேசான சளிக்கெல்லாம் வகுப்பு தள்ளிப்போகாது.

மூன்று கோரிக்கைக்கும் காரணம் ஒன்றே என்றால், ஸ்லாட்தான் தவறு, பெற்றோர் அல்ல. சாக்கர் பயிற்சி வெள்ளிக்கு மாறியிருந்தால் அந்தக் குழந்தை இந்தப் பருவம் முழுக்க வெள்ளிக்கிழமை தடுமாறும். அங்கே ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ பள்ளி தொடங்கும்போதும், மார்ச் வாக்கில் வசந்தகால விளையாட்டுகள் தொடங்கும்போதும் குழந்தைகளின் அட்டவணை புரளும். அதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லோரிடமும் "நேரம் நிரந்தரமா மாத்தணுமா?" என்று நாமே கேட்டுவிட வேண்டும். நிரந்தர மாற்றம் எண்ணிக்கையில் சேராது.

ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களிடம் இதை நடுவில் திணிக்காதீர்கள். அடுத்த கட்டம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே செய்தியை, ஆனால் தனித்தனியாக அனுப்புங்கள். குழுவில் போட்டால் அடிக்கடி மாற்றும் அம்மா தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புண்படுவார், மாற்றவே மாற்றாதவர் கவனிக்க மாட்டார். பழைய கணக்கு எதையும் அதில் கிளற வேண்டாம். நம் பக்கத்துக் கடமையும் அதே செய்தியில் இருக்க வேண்டும்: ஆசிரியர் ரத்து செய்யும் ஒவ்வொரு வகுப்புக்கும் அவர்கள் வசதிப்படி வேறு நேரம், இல்லையென்றால் பணம் திருப்பி. மார்கழியில் கச்சேரி இருக்கிறவர்கள் அந்த வாரங்களை அக்டோபரிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தடுத்து இரண்டு கட்டங்களிலும் வரம்பைத் தாண்டுகிற குடும்பத்துக்கு, நிலையான ஸ்லாட் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். அவர்களை வெளியே அனுப்ப வேண்டியதில்லை. வியாழன்தோறும் அந்த வாரம் காலியாக உள்ள நேரங்களை அனுப்பி, வேண்டியதை எடுத்துக்கொண்டு முன்பணம் கட்டச் சொல்லலாம். காலியில்லாத வாரம் வகுப்பு இல்லை. அவர்கள் விட்டுப்போன வெள்ளி 8 மணியைக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். அதைக் கொடுத்துவிட்டீர்கள் என்பதை அவர்களிடம் அன்றே தெளிவாகச் சொல்லியும் விடுங்கள்.